பெயரில் பங்கு, கணக்கில் கடன்: வன்னிக்கு வரும் முதலீட்டுப் பணத்தை எந்தப் பக்கத்தில் எழுதுவது?

வன்னியில் கம்பனி ஒன்று தொடங்குகிறவர்களிடம் பணம் எங்கிருந்து வருகிறது என்று கேட்டால், பெரும்பாலும் மூன்று பதில்கள்தான் வரும். சொந்தக் காசு, வங்கிக் கடன், வெளிநாட்டிலுள்ள உறவினர் போட்ட காசு. முதல் இரண்டையும் கணக்கில் எழுதுவதில் சிக்கல் கிடையாது. சொந்தக் காசு உரிமையாண்மை. வங்கிக் கடன் பொறுப்பு. மூன்றாவதுதான் சிக்கல். கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் சிறிய கம்பனிகளுக்குக் கணக்கு எழுதிக் கொடுக்கும் வேலையில் இருப்பவன் என்ற முறையில், அந்த மூன்றாவது பணத்துக்காக எழுதப்பட்ட ஒப்பந்தங்களைத்தான் நான் அதிக நேரம் செலவழித்து வாசிக்கிறேன்.

கனடாவிலிருக்கும் சித்தப்பாவுக்கு வங்கி வட்டியைவிடக் கொஞ்சம் கூடுதலாக வேண்டும். ஆனால் ஆலையை நடத்துவதில் தலையிட விருப்பமில்லை. இங்கிருக்கும் மகனுக்குப் பணம் வேண்டும். ஆனால் மாதாமாதம் தவணை கட்டும் நெருக்கடி வேண்டாம். இரண்டு பேருக்கும் ஒத்துவரும் வழியாக யாராவது ஒரு சட்டத்தரணி ‘முன்னுரிமைப் பங்கு’ என்று சொல்லிவிடுவார். சுவிஸில் இருக்கும் நண்பர் என்றால், “இப்போது கடனாகத் தருகிறேன், தொழில் நன்றாகப் போனால் பங்காக மாற்றிக்கொள்வேன்” என்பார். அது மாற்றத்தக்க கடன். பெரிய கம்பனிகள் அதையே முறையாக வெளியிடும்போது மாற்றத்தக்க பிணைமுறி அல்லது மாற்றத்தக்க தொகுதிக்கடன் என்கிறோம்.

இந்தப் பணம் கடனா, உரிமையாண்மையா? பெயரைப் பார்த்துப் பதில் சொல்ல முடியாது. இலங்கையில் இதைத் தீர்மானிப்பது எல்கேஏஎஸ் 32 என்ற கணக்கீட்டு நியமம். சர்வதேச நியமமான ஐஏஎஸ் 32 இன் இலங்கை வடிவம் அது. சிறிய, நடுத்தரக் கம்பனிகள் பின்பற்றும் தனி நியமத்தின் 22 ஆம் பிரிவும் அடிப்படையில் இதே பாதையில்தான் போகிறது. இரண்டும் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: காசைக் கையளிக்காமல் தப்பிக்கொள்ளும் உரிமை கம்பனிக்கு, எந்த நிபந்தனையுமில்லாமல், இருக்கிறதா? இருந்தால் உரிமையாண்மை. இல்லாவிட்டால் பொறுப்பு.

கம்பனி கொடுக்க விரும்புகிறதா, கொடுக்கும் பழக்கம் இருக்கிறதா, கொடுக்காவிட்டால் குடும்பத்தில் முகம் கொடுக்க முடியாமல் போகுமா என்பதெல்லாம் இந்தக் கேள்விக்குள் வராது. ஒப்பந்தத்தின்படி கொடுக்காமல் இருக்கலாமா என்பது மட்டும்தான் விடயம்.

பரந்தனில் ஓர் அரிசி ஆலை

விளக்கத்துக்காக ஒரு கம்பனியைக் கற்பனை செய்வோம். பரந்தனில் மூன்று சகோதரர்கள் அரிசி ஆலை ஒன்றை நடத்துகிறார்கள். இரணைமடுவின் கீழ் விளையும் நெல்லை வாங்கி, அவித்துக் குற்றி விற்பதுதான் தொழில். சகோதரர்கள் போட்ட சாதாரண பங்கு மூலதனம் 10 மில்லியன் ரூபாய். வங்கிக் கடன் 15 மில்லியன். ரொறன்ரோவிலிருந்து சித்தப்பா 20 மில்லியனை முன்னுரிமைப் பங்காகப் போட்டிருக்கிறார், ஆண்டுக்கு 10 சதவீதப் பங்கிலாபம். மொத்தம் 45 மில்லியன், அது கட்டடமாகவும் இயந்திரமாகவும் நெல் இருப்பாகவும் நிற்கிறது.

சித்தப்பாவின் 20 மில்லியன் உரிமையாண்மை என்றால், கம்பனியின் கடன் 15, உரிமையாண்மை 30. கடன் உரிமையாண்மையின் அரைப் பங்கு. வங்கி முகாமையாளர் மகிழ்ச்சியாகத் தலையாட்டுவார். அதே 20 மில்லியன் பொறுப்பு என்றால், கடன் 35, உரிமையாண்மை 10. கடன் உரிமையாண்மையின் மூன்றரை மடங்கு. ஆலையில் ஓர் ஆணிகூட இடம் மாறவில்லை, நெல் மூட்டை ஒன்றுகூடக் குறையவில்லை. ஆனாலும் இரண்டாவது நிதிநிலைமைக் கூற்றோடு போனால் அடுத்த போகத்துக்கு நெல் வாங்கக் கடன் கேட்பது கடினம்.

இலாபமும் மாறும். வட்டிக்கு முன் ஆலை 4.8 மில்லியன் உழைக்கிறது என்றும், வங்கி வட்டி 14 சதவீதம் என்றும் வைத்துக்கொள்வோம். வங்கிக்கு 2.1 மில்லியன் போனால் மிச்சம் 2.7 மில்லியன். சித்தப்பாவின் பங்கு உரிமையாண்மையானால் இந்த 2.7 மில்லியன்தான் வரிக்கு முந்திய இலாபம். அவருக்குப் போகும் 2 மில்லியன் அதற்குப் பிறகு நடக்கும் பங்கீடு. பொறுப்பானால், ஒப்பந்தத்தில் ‘பங்கிலாபம்’ என்றே எழுதியிருந்தாலும் அந்த 2 மில்லியனும் வட்டியைப் போலச் செலவாகிவிடும். இலாபம் 0.7 மில்லியனுக்கு இறங்கும்.

ஆகவே ஒப்பந்தத்தில் எந்த வாசகம் இருக்கிறது என்பது சின்ன விடயமல்ல. நான் முதலில் தேடுவது மீட்பு வாசகத்தை. “ஐந்தாவது ஆண்டு முடிவில் கம்பனி 20 மில்லியனைத் திருப்பிச் செலுத்தும்” என்று இருந்தால் வேறு எதையும் பார்க்காமலே சொல்லிவிடலாம், அந்த 20 மில்லியனைத் திருப்பிக் கொடுக்கும் கடமை ஒரு பொறுப்பு. “பங்காளர் விரும்பும்போது திருப்பிக் கேட்கலாம்” என்று இருந்தாலும் அப்படியே. சித்தப்பா ஒருபோதும் கேட்க மாட்டார் என்று சகோதரர்கள் சத்தியம் செய்வார்கள். செய்யட்டும். கேட்டால் மறுக்கும் உரிமை அவர்களுக்கு இல்லை, நியமம் அதைத்தான் பார்க்கிறது.

“கம்பனி விரும்பினால் மீட்கலாம்” என்று இருந்தால் கதை மாறும். அங்கே முடிவு கம்பனியின் கையில். பங்கிலாபமும் பணிப்பாளர் சபை தீர்மானித்தால் மட்டுமே என்று இருந்தால், அந்தப் பங்கு உரிமையாண்மை. மீட்கப் போகிறோம் என்று கம்பனி பங்காளருக்கு முறைப்படி அறிவிக்கும் நாள்வரை அது அந்தப் பக்கத்திலேயே நிற்கும்.

அடுத்ததாகப் பங்கிலாப வாசகம். மீட்பே கிடையாது, பணம் என்றென்றைக்கும் கம்பனியில்தான், ஆனால் ஆண்டுக்கு 10 சதவீதம் கட்டாயம் கொடுக்க வேண்டும் என்று எழுதியிருந்தால்? பலர் இதை உரிமையாண்மை என்று நினைக்கிறார்கள், முதல் திரும்பாது என்பதால். ஆனால் வருடம் தவறாமல் காசு கொடுக்கும் கடமை இருக்கிறது. முடிவில்லாத வட்டியை மட்டும் கட்டும் கடன் அது. பொறுப்புத்தான்.

‘திரளும் பங்கிலாபம்’ என்ற சொல்லும் ஆட்களைக் குழப்புகிறது. இந்த வருடம் கொடுக்காவிட்டால் அடுத்த வருடத்துக்குச் சேர்ந்துகொண்டு போகும் என்பது அதன் பொருள். சேர்ந்துகொண்டு போவதால் மட்டும் அது கடனாகாது. சேர்ந்ததைக் கொடுக்கும் நாளைக் கம்பனியே தீர்மானிக்கலாம், காலவரையின்றித் தள்ளிப்போடலாம் என்றால் உரிமையாண்மையே. சகோதரர்கள் தங்கள் சாதாரண பங்குகளுக்குப் பங்கிலாபம் எடுப்பதானால் முதலில் சித்தப்பாவின் பாக்கியைத் தீர்க்க வேண்டும் என்ற நிபந்தனை வழக்கமாக இருக்கும். அது அவர்களை நெருக்கும். ஆனால் தங்களுக்கு எடுக்காமல் இருக்கலாமே. நெருக்கடி வேறு, ஒப்பந்தக் கடமை வேறு.

இரண்டும் கலந்த பங்கும் உண்டு. ஐந்தாம் ஆண்டு முடிவில் 20 மில்லியனைக் கட்டாயம் திருப்ப வேண்டும், ஆனால் இடையில் பங்கிலாபம் கொடுப்பதும் கொடுக்காததும் கம்பனியின் விருப்பம். இப்படியான பங்கை முழுதாக ஒரு பக்கத்தில் எழுத முடியாது, பிரிக்க வேண்டும். ஐந்து ஆண்டுகளின் பின் கொடுக்கவுள்ள 20 மில்லியனின் இன்றைய பெறுமதி, 14 சதவீத வட்டியில் பார்த்தால், கிட்டத்தட்ட 10.4 மில்லியன். அது பொறுப்பு. மிச்சம் 9.6 மில்லியன் உரிமையாண்மை. இந்த 10.4 மில்லியன் வருடாவருடம் வட்டிச் செலவாக வளர்ந்து ஐந்தாம் ஆண்டில் 20 மில்லியனாக நிற்கும். காசு வெளியே போகாத வருடங்களிலும் அந்தச் செலவு கணக்கில் இருக்கும். சகோதரர்களுக்கு இதை விளங்கப்படுத்துவதற்குள் தேநீர் ஆறிவிடும்.

இன்னொரு வாசகத்தையும் சொல்ல வேண்டும், வெளிநாட்டிலிருந்து வரும் ஒப்பந்த வரைவுகளில் யாரும் எழுதக்கூடியது அது. “பிரதேசத்தில் மீண்டும் ஆயுத மோதல் ஏற்பட்டால் முதலீட்டுத் தொகையைக் கம்பனி உடனடியாகத் திருப்பிச் செலுத்த வேண்டும்.” மோதல் ஏற்படுவதும் ஏற்படாததும் கம்பனியின் கையிலும் இல்லை, சித்தப்பாவின் கையிலும் இல்லை. இப்படி இரு தரப்பின் கட்டுப்பாட்டுக்கும் அப்பாற்பட்ட நிகழ்வு ஒன்றால் காசு கொடுக்க நேரிடும் என்றால், நியமம் அதைப் பொறுப்பு என்கிறது. ஒரு விலக்கு, கம்பனி முடிவுறுத்தப்படும்போது மட்டும் கொடுக்க வேண்டியதாக இருப்பது. மற்றது, அந்த நிகழ்வு மிக அபூர்வமானது, வழமைக்கு முற்றிலும் மாறானது, நடக்க வாய்ப்பே இல்லாதது என்று சொல்லக்கூடியதாக இருப்பது. வேறொரு நாட்டில் இருக்கும் கணக்காளர் அப்படி எழுதிவிடலாம். 2009 மே மாதத்தைக் கடந்து வந்த வன்னியில் இருந்துகொண்டு அதை எழுத எனக்குக் கை வராது. அந்த ஒரு வரியை நீக்கினால் பங்கு உரிமையாண்மையாகிவிடும் என்றால், நீக்கலாமா என்று கையொப்பமிடும் முன் சித்தப்பாவிடம் கேட்பதுதான் வழி.

சட்டம் தடுத்தாலும் பொறுப்பு பொறுப்புத்தான்

இங்கே ஒரு கேள்வி எழும். 2007 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டப்படி, பங்காளருக்குப் பங்கிலாபம் கொடுப்பதானால் கம்பனி கடன் தீர்க்கும் வல்லமைச் சோதனையில் தேற வேண்டும். கடன்களை உரிய காலத்தில் கட்டக்கூடியதாக இருக்க வேண்டும், சொத்தின் பெறுமதி பொறுப்புகளையும் கூறப்பட்ட மூலதனத்தையும் விடக் கூடுதலாக இருக்க வேண்டும். அப்படித் தேறாத கம்பனி பங்கிலாபம் கொடுக்கவே முடியாது. கொடுக்கவே முடியாததை எப்படிக் கடமை என்று சொல்வது?

நியமத்தின் பதில் சுருக்கமானது. கொடுக்க இயலாமல் இருப்பது வேறு, கொடுக்காமல் இருக்க உரிமை இருப்பது வேறு. கையில் காசில்லாத கடனாளியும் கடனாளிதான். மத்திய வங்கியின் அனுமதி தேவை, போதிய இலாபம் தேவை, சட்டச் சோதனை தேவை என்ற தடைகள் எல்லாம் கொடுப்பனவைத் தாமதப்படுத்தலாம், கடமையை அழித்துவிடாது.

3 சதவீத வட்டிக்கு 27 பில்லியன்

மாற்றத்தக்க கடனுக்கு வருவோம். இதற்குக் கற்பனைக் கம்பனி தேவையில்லை. கீல்ஸ் சுப்பர் மார்க்கெட்டையும் எலிபன்ட் ஹவுஸ் ஐஸ்கிரீமையும் தெரியாதவர்கள் இலங்கையில் குறைவு. அவற்றின் தாய்க் கம்பனியான ஜோன் கீல்ஸ் ஹோல்டிங்ஸ், 2022 ஓகஸ்டில், கனடாவின் ஃபெயார்ஃபக்ஸ் குழுமத்தைச் சேர்ந்த எச்டபிள்யூஐசி ஏசியா ஃபண்ட் என்ற முதலீட்டாளருக்கு 208,125,000 மாற்றத்தக்க தொகுதிக்கடன் பத்திரங்களை வெளியிட்டது. ஒன்று 130 ரூபாய். மொத்தம் 27 பில்லியன் ரூபாய்க்குச் சற்று மேல். காலம் மூன்று ஆண்டுகள். வட்டி ஆண்டுக்கு 3 சதவீதம்.

அந்த ஓகஸ்ட் எப்படிப்பட்ட மாதம் என்பது எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். எரிபொருள் வரிசை, மின்வெட்டு, ஜனாதிபதி நாட்டை விட்டு ஓடிச் சில வாரங்கள். மத்திய வங்கியின் துணைநில் கடன்வழங்கல் வீதம் 15.5 சதவீதம். திறைசேரி உண்டியல்களின் வட்டி அதைவிட மிக மேலே. அந்த நேரத்தில் 3 சதவீத வட்டிக்குக் கடன் கொடுக்க ஒருவர் முன்வருகிறார் என்றால், அவர் வாங்குவது கடனை மட்டுமல்ல. ஒரு பத்திரத்தை ஒரு சாதாரண பங்காக மாற்றிக்கொள்ளும் உரிமையையும் சேர்த்துத்தான் வாங்குகிறார். பங்கு விலை 130 ரூபாயைத் தாண்டினால் மாற்றுவார். தாண்டாவிட்டால் முதலைத் திருப்பி வாங்கிக்கொள்வார்.

நியமம் இந்த இரண்டையும் பிரித்து எழுதச் சொல்கிறது. வட்டியும் முதலும் கொடுக்கும் கடமை பொறுப்பு. பங்காக மாற்றும் உரிமை உரிமையாண்மை. பிரிக்கும் முறையில் ஒரு ஒழுங்கு இருக்கிறது. முதலில் கடனை அளக்க வேண்டும், மாற்றும் உரிமை இல்லாத அதேபோன்ற கடனுக்குச் சந்தையில் என்ன வட்டி கேட்பார்களோ அந்த வட்டியில். கிடைத்த காசிலிருந்து அதைக் கழித்தால் மிஞ்சுவது உரிமையாண்மை.

ஒரு பத்திரத்தை எடுத்துப் போட்டுப் பார்ப்போம். சந்தை வட்டியைக் கணக்கு விளங்குவதற்காக 20 சதவீதம் என்று நான் எடுத்துக்கொள்கிறேன். 130 ரூபாய்க்கு 3 சதவீதம், ஆண்டுக்கு 3.90 ரூபாய். மூன்று ஆண்டு வட்டியின் இன்றைய பெறுமதி ஏறத்தாழ 8.20 ரூபாய். மூன்றாம் ஆண்டு முடிவில் திரும்பும் 130 ரூபாயின் இன்றைய பெறுமதி ஏறத்தாழ 75.25. இரண்டும் சேர்ந்து 83.45 ரூபாய், இதுதான் பொறுப்பு. முதலீட்டாளர் கொடுத்தது 130. மிச்சம் 46.55 ரூபாய் உரிமையாண்மை. அதாவது, தோற்றத்தில் முழுக்கக் கடனாக இருக்கும் ஒரு பத்திரத்தில் மூன்றிலொரு பங்குக்கு மேல், இந்தக் கணக்கின்படி, பங்கை வாங்கும் உரிமைக்குக் கொடுத்த விலை.

அதன் பின்விளைவு வட்டிச் செலவில் தெரியும். முதல் ஆண்டில் கையைவிட்டுப் போகும் காசு 3.90 ரூபாய். கணக்கில் எழுதும் வட்டிச் செலவோ 83.45 இல் 20 சதவீதம், 16.69 ரூபாய். வித்தியாசமான 12.79 ரூபாய் பொறுப்போடு சேர, அது 96.24 ஆகிறது. அடுத்த ஆண்டு 111.59. மூன்றாம் ஆண்டு முடிவில் 130. ஜோன் கீல்ஸின் நிதிக்கூற்றுகளைப் பார்த்தவர்கள், 3 சதவீத வட்டிக்கு ஏன் இவ்வளவு நிதிச் செலவு என்று யோசித்திருப்பார்கள். தவறில்லை, மலிவான வட்டிக்கு ஈடாகக் கம்பனி பங்குரிமையைக் கொடுத்திருக்கிறது, அந்த ஈட்டைத்தான் செலவாகக் காட்டுகிறார்கள்.

2024 பெப்ரவரியில் எச்டபிள்யூஐசி 110 மில்லியன் பத்திரங்களைப் பங்குகளாக மாற்றியது. மீதியும் பின்னர் மாறின. மாறும்போது கம்பனியிலிருந்து ஒரு ரூபாய்கூட வெளியேறவில்லை. பொறுப்பாக நின்ற தொகை உரிமையாண்மைக்கு நகர்ந்தது, அவ்வளவுதான். ஆனால் பழைய பங்காளர்களின் பங்கு வீதம் குறைந்தது. அவர்கள் கொடுத்த விலை அது.

மாற்றும் உரிமை உரிமையாண்மையாவதற்கு ஒரு கடும் நிபந்தனை இருக்கிறது. மாறாத தொகைக்கு மாறாத எண்ணிக்கையான பங்குகள் கிடைக்க வேண்டும். கீல்ஸில் 130 ரூபாய்க்கு ஒரு பங்கு, இரு பக்கமும் நிலையானது. இதற்குப் பதிலாக, “மாற்றும் நாளில் உள்ள பங்கு விலைப்படி 130 ரூபாய்க்கு எத்தனை பங்கு வருமோ அத்தனை” என்று எழுதியிருந்தால் உரிமையாண்மை கிடையாது. அங்கே கம்பனி தன் பங்கைக் காசுக்குப் பதிலான நாணயமாகப் பயன்படுத்துகிறது. வாங்குபவருக்குப் பங்கின் ஏற்ற இறக்கத்தில் எந்தப் பங்கும் இல்லை.

பிராங்கில் வந்த பணம்

அந்த நிபந்தனை வன்னியில் கடிக்கும் இடம் ஒன்று உண்டு. சுவிஸ் நண்பரின் மாற்றத்தக்க கடனை எடுப்போம். ஒரு இலட்சம் பிராங்க். மூன்று ஆண்டில் திருப்ப வேண்டும் அல்லது அவர் விரும்பினால் கம்பனியின் 2,000 பங்குகளாக மாற்றலாம். பார்த்தால் நிலையான தொகை, நிலையான பங்கு. ஆனால் பரந்தன் ஆலையின் கணக்கு ரூபாயில். ஒரு இலட்சம் பிராங்க் என்பது ரூபாயில் நிலையான தொகை அல்ல. 2022 மார்ச்சில் 200 ரூபாய்க்கு இருந்த டொலர் இரண்டே மாதத்தில் 360 ரூபாய்க்குப் போனதை நாம் பார்த்தோம், பிராங்கும் கூடவே ஏறியது. ஆகவே நியமத்தின் கண்ணில் இது நிலையற்ற தொகைக்கு நிலையான பங்கு. மாற்றும் உரிமை உரிமையாண்மைப் பக்கத்துக்குப் போக முடியாது, அதுவும் பொறுப்பாகவே நின்று, ஒவ்வொரு ஆண்டும் புதிதாக மதிப்பிடப்பட வேண்டும். சின்னக் கம்பனி ஒன்றுக்கு அந்த மதிப்பீட்டைச் செய்விப்பதே தனிச் செலவு.

பணம் எந்த நாணயத்தில் வந்தது என்பதல்ல இங்கு கேள்வி, கடமை எந்த நாணயத்தில் எழுதப்பட்டிருக்கிறது என்பது. வெளிநாட்டிலிருந்து உள்முக முதலீட்டுக் கணக்கு ஊடாக வரும் பணத்தை ரூபாயாக மாற்றி, ஒப்பந்தத்தையும் ரூபாயில் எழுதினால் கீல்ஸின் வழி திறந்திருக்கும். ஆனால் அப்போது ரூபாய் விழுந்தால் நட்டம் நண்பருக்கு. பிராங்கில் எழுதினால் நட்டம் ஆலைக்கு. எந்த வாசகத்தை எழுதினாலும் அந்த அபாயத்தை யாராவது ஒருவர் சுமந்தே ஆக வேண்டும். கணக்கு அதை யார் சுமக்கிறார் என்று மட்டும் காட்டும்.

வங்கிகள் வெளியிடும் தொகுதிக்கடன்களில் பணம் போடுகிறவர்களுக்கு ஒரு சொல். ஓய்வூதியப் பணிக்கொடையோ காணி விற்ற காசோ வைத்திருப்பவர்களுக்கு, நிலையான வைப்பைவிடக் கூடிய வட்டி என்று இவை சொல்லப்படுகின்றன. பாசல் 3 நியமங்களுக்கு அமைந்த பத்திரம் என்றால், அதிலும் பங்காக மாறும் வாசகம் இருக்கும். ஆனால் கீல்ஸ் பத்திரத்துக்கு நேர்மாறாக, மாற்றும் உரிமை முதலீட்டாளரிடம் இல்லை. வங்கி தாக்குப்பிடிக்காது என்று மத்திய வங்கி தீர்மானித்தால் தானாக மாறும், அதுவும் அதற்கு முந்திய மூன்று மாதங்களின் சராசரிப் பங்கு விலையில். விலை விழ விழப் பங்கின் எண்ணிக்கை கூடும், நிலையான எண்ணிக்கை இல்லை. வட்டியும் முதலும் கொடுக்கும் கடமையும் இருக்கிறது. ஆகவே வங்கியின் நிதிக்கூற்றில் அது பொறுப்பு. அதே பத்திரத்தை மத்திய வங்கி, மூலதனப் போதுமை கணக்கிடும்போது, வங்கியின் இரண்டாம் அடுக்கு மூலதனத்தில் சேர்க்கிறது. இரண்டு பேரும் வெவ்வேறு கேள்வி கேட்கிறார்கள். கணக்காளர் கேட்பது, கொடுக்க வேண்டுமா என்று. மத்திய வங்கி கேட்பது, வங்கி விழுந்தால் நட்டத்தை யார் தாங்குவார் என்று. பத்திரம் வாங்குகிறவர் இரண்டாவது கேள்வியின் பதில் தான்தான் என்பதைத் தெரிந்து வாங்க வேண்டும்.

வரிசையில் யார் எங்கே

கடைசியாக, பரந்தன் ஆலையில் இன்னும் சொல்லாத ஒன்று. சித்தப்பாவின் பங்கு ஐந்தாம் ஆண்டில் மீட்க வேண்டியது, ஆகவே நிதிநிலைமைக் கூற்றில் 20 மில்லியன் பொறுப்பு என்று அச்சாகி அவருக்குப் போகிறது. அவர் அதைப் பார்த்து, தானும் வங்கியைப் போல ஒரு கடன்காரன் என்று நினைத்துக்கொள்ளலாம். அப்படியல்ல. கணக்கு நியமம் எந்தப் பக்கத்தில் எழுதுவது என்று சொல்கிறது, யாருக்கு முதலில் காசு என்று சொல்வதில்லை. அதைச் சொல்வது சட்டமும் பங்கின் நிபந்தனைகளும். சட்டத்தில் அவர் பங்காளர். ‘முன்னுரிமை’ என்ற சொல் சகோதரர்களின் சாதாரண பங்குக்கு முன்னால் என்பதை மட்டும் குறிக்கிறது.

மூன்றாம் ஆண்டிலேயே ஆலை நொடித்து, சொத்தெல்லாம் விற்று 28 மில்லியன் வந்தது என்று வைப்போம். ஈடு வைத்திருக்கும் வங்கிக்கு 15. ஊழியர் சம்பளம், சேமலாப நிதிப் பாக்கி, நெல் கொடுத்த விவசாயிகளுக்கான கடன் எல்லாம் சேர்த்து 5. மிச்சம் 8 மில்லியன். அது முழுவதும் சித்தப்பாவுக்குப் போகும், சகோதரர்களுக்கு ஒன்றுமில்லை. ஆனால் அவர் போட்டது 20. ரூபாய்க்கு 40 சதம். அதே 20 மில்லியனை அவர் ஈடு இல்லாத சாதாரண கடனாகக் கொடுத்திருந்தால், வங்கிக்குப் போக மிஞ்சும் 13 மில்லியனில் ஊழியரின் முன்னுரிமைப் பாக்கிகள் தீர்ந்த பின், நெல் கொடுத்த விவசாயிகளோடு ஒரே வரிசையில் நின்று விகிதப்படி பங்கு கேட்டிருப்பார். அவருக்கு இன்னும் கொஞ்சம் கூடக் கிடைத்திருக்கும். விவசாயிகளுக்கு அந்தளவு குறைந்திருக்கும்.